லைசென்ஸ் நம்பர் நிஜம், ஆள் போலி: வெளிநாட்டு வேலை ஏஜென்ட்டைச் சரிபார்ப்பது எப்படி?

என் சித்தி பையனுக்கு வாட்ஸ்அப்பில் ஓர் ஆஃபர் லெட்டர் வந்தது. கத்தாரில் குடோன் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், இன்டர்வியூ கிடையாது, மூன்று நாளுக்குள் 85,000 ரூபாய் கட்டினால் விசா. லெட்டரின் அடியில் ஏஜென்ட்டின் அரசு லைசென்ஸ் நம்பரும் இருந்தது. தேடிப் பார்த்தேன், நம்பர் நிஜம்தான். "சரி, கட்டுடா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நான் எங்கே சறுக்கினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கானது இது.

1. எந்தப் பதிவைக் காட்டுகிறார்கள்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி சான்றிதழையோ கம்பெனிப் பதிவையோ ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு" என்பார்கள். அதெல்லாம் தொழில் நடத்தத்தான், ஆள் அனுப்ப இல்லை.

2. தளத்தில் தேடுங்கள்

emigrate.gov.in என்று நீங்களே டைப் செய்யுங்கள். ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடவே வேண்டாம். அங்கே பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலில் பெயரையும் நம்பரையும் தேடி, லைசென்ஸ் இப்போது செல்லுபடியாகிறதா, இடைநிறுத்தியோ ரத்து செய்தோ இருக்கிறார்களா என்று பாருங்கள். பதிவில்லாத ஏஜென்ட்டுகள் என்று தனிப் பட்டியலும் உண்டு, ஆனால் அதில் பெயர் இல்லை என்பதால் ஒருவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். போன வாரம் கடை திறந்தவன் அதில் எப்படி இருப்பான்?

3. நான் சறுக்கிய இடம்

நம்பர் செல்லுபடியாகிறது என்று கண்டதும் தளத்தை மூடிவிட்டேன். லைசென்ஸ் நம்பர் ஒன்றும் ரகசியமில்லை, விளம்பரத்திலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் லெட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் நம்பரைச் சரிபார்ப்பது வேறு, உங்களிடம் பேசும் ஆளைச் சரிபார்ப்பது வேறு.

மறுநாள் ஏதோ உறுத்தி, தளத்தில் இருந்த முகவரியையும் லெட்டரில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசல் நிறுவனம் வேறு மாநிலத்தில் இருக்கிறது, நம்ம ஆள் தன்னைத் தமிழ்நாட்டுக் கிளை என்கிறார். லெட்டரில் உள்ள போன் நம்பரை விட்டுவிட்டுத் தளத்தில் உள்ள நம்பருக்கு அழைத்தேன். "எங்களுக்குத் தமிழ்நாட்டில் கிளையே இல்லை, இந்த வேலையும் எங்களுடையது இல்லை" என்றார்கள். ஐந்து நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். சப்-ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களையும் இதே கேள்வியால் மடக்கலாம்.

முறையான ஏஜென்ட்டிடம் வெளிநாட்டு முதலாளி கொடுத்த டிமாண்ட் லெட்டர் இருக்கும். எந்த வேலைக்கு எத்தனை பேர், என்ன சம்பளம் என்பது அதில் இருக்கும். நாங்கள் கேட்டபோது நம்ம ஆள் "அது கான்ஃபிடென்ஷியல்" என்றார்.

4. கம்பெனியின் மெயில்

போனில் அனுப்புநர் பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும், அதைத் தட்டினால்தான் முழு முகவரி வரும். @ குறிக்குப் பின்னால் இருப்பதைக் கம்பெனியின் சொந்தத் தளத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு careers என்று சேர்த்திருந்தால், அது வேறு யாரோ வாங்கிய டொமைனாக இருக்கலாம். எப்போது வாங்கினார்கள் என்று பார்க்க lookup.icann.org போதும், எனக்குக் கமாண்ட் லைன்தான் பிடிக்கும்:

```
whois example.com
```

இதில் `Creation Date` வரியைப் பாருங்கள். 20 வருடமாக நடக்கும் கம்பெனி என்கிறார்கள், எங்கள் லெட்டரில் இருந்த டொமைனுக்கோ வயது ஆறு வாரம். ஆனால் டொமைன் பழையதாக இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

5. பணம்

பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது கட்டாயம். எங்களிடம் கேட்டது 85,000, அதுவும் ஒரு தனிநபரின் யுபிஐ ஐடிக்கு. இதை முதலிலேயே பார்த்திருந்தால் மற்ற எதற்கும் வேலையே இருந்திருக்காது.

6. விசா

டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் மாற்றிக்கலாம் என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: "என் பாஸ்போர்ட் இசிஎன்ஆர், அதனால் ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறாரே" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டையும் குழப்புகிறார். இசிஆர் பாஸ்போர்ட் உள்ளவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும், உங்களுக்குப் பொதுவாக அது வேண்டாம். ஏஜென்ட்டின் லைசென்ஸ் அவருடைய கடமை, உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் அந்த அனுமதிக் கட்டத்தில் நடக்கும் சரிபார்ப்பு உங்களுக்குக் கிடையாது, எனவே மூன்றாவது படியை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

ஏற்கெனவே ஆன்லைனில் பணம் போட்டுவிட்டவர்கள் 1930க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு அதிகம். அந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.