ரிசீவர் விண்டோவா, கன்ஜெஷன் விண்டோவா? டிசிபி வேகத்தைத் தேடும்போது செய்யும் தவறுகள்

இரண்டு சர்வர்களுக்கு நடுவே பெரிய பேக்கப் கோப்புகளை அனுப்பும் வேலை ஒருமுறை என் தலையில் விழுந்தது. இணைப்பு 100 எம்பிபிஎஸ், போய்வரும் நேரம் 200 மில்லிசெகண்ட். கிடைத்த வேகமோ 2.6 எம்பிபிஎஸ். தூரம் அதிகம், வழியில் நெரிசல் இருக்கும் என்று நானாக முடிவு கட்டி, கன்ஜெஷன் கன்ட்ரோல் அல்காரிதத்தை க்யூபிக்கிலிருந்து பிபிஆருக்கு மாற்றினேன். வேகம் 2.6. மறுபடி க்யூபிக்குக்கே வந்தேன். அப்போதும் 2.6. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. தவறு நெட்வொர்க்கில் இல்லை, கோப்பை வாங்கும் புரோகிராமில் இருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு அடிப்படை ஒன்றுதான். டிசிபியில் அனுப்புபவரின் கையை இரண்டு பேர் பிடிக்கிறார்கள். ஒருவர் மறுமுனையில் இருக்கும் ரிசீவர். "என் பஃபரில் இன்னும் இவ்வளவு பைட் இடம்தான் இருக்கிறது" என்று, பைட்டுகள் வந்துசேர்ந்ததைச் சொல்லும் ஒவ்வொரு ஒப்புகையோடும் அவர் எண்ணாகவே சொல்லி அனுப்புகிறார். அது ரிசீவர் விண்டோ, அதை வைத்து நடப்பது ஃப்ளோ கன்ட்ரோல். இன்னொருவர் நடுவழியில் இருக்கும் நெட்வொர்க். பொதுவாக அது எந்த எண்ணும் சொல்வதில்லை. பாக்கெட் தொலைந்துபோவதையும் தாமதம் கூடுவதையும் பார்த்து அனுப்புபவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகம்தான் கன்ஜெஷன் விண்டோ. ஒப்புகை வராமல் வழியில் இருக்கக்கூடிய பைட்டுகளின் அளவு இரண்டில் எது சிறியதோ அதுதான்:

```
min(rwnd, cwnd)
```

ஸ்லைடிங் விண்டோ என்றாலே ஃப்ளோ கன்ட்ரோல் என்று பாடப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்துவைத்திருப்பது முதல் தவறு. ஒப்புகை வர வர விண்டோவின் இடது ஓரம் நகர்ந்து புதிய பைட்டுகளுக்கு வழிவிடும் பொறிமுறைக்குத்தான் ஸ்லைடிங் என்று பெயர். ஃப்ளோ கன்ட்ரோலும் கன்ஜெஷன் கன்ட்ரோலும் அதே நகரும் விண்டோவைத்தான் பயன்படுத்துகின்றன. விண்டோ எவ்வளவு அகலம் என்பதை யார் தீர்மானிக்கிறார், எந்தத் தகவலை வைத்துத் தீர்மானிக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

இதில் கொஞ்சம் வரலாறும் உண்டு. 1981இல் வந்த டிசிபி விவரக்குறிப்பில் ரிசீவர் விண்டோ இருந்தது. ஹெடரில் அதற்கென்று 16 பிட் இடமும் ஒதுக்கப்பட்டது. கன்ஜெஷன் விண்டோ என்ற பேச்சே அதில் இல்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இத்தனைக்கும் இரண்டுக்கும் இடையே 400 கெஜ தூரம்தான். ரிசீவரிடம் இடம் இருந்தால் போதும் என்று எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், நடுவில் வரிசைகள் நிரம்பி வழிந்தன, தொலைந்ததை மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டினார்கள். 1988இல் வேன் ஜேக்கப்சன் வெளியிட்ட தீர்வு, அனுப்புபவர் பக்கம் மட்டும் ஒரு மாறியைச் சேர்த்தது. அதனால்தான் ஹெடரில் கன்ஜெஷன் விண்டோவுக்கென்று இடமே இல்லை. அது அனுப்பும் கர்னலின் நினைவகத்தில் இருக்கும் ஓர் எண், கம்பியில் ஒருபோதும் போவதில்லை. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் `Window` என்று தெரிவதைக் காட்டி "கன்ஜெஷன் விண்டோ குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அவர் பார்ப்பது ரிசீவர் விண்டோவை.

சரி, என் 2.6 எம்பிபிஎஸ்ஸுக்கு வருவோம். அல்காரிதத்தைத் தொடுவதற்கு முன்பே நான் ஒரு வகுத்தல் போட்டிருக்க வேண்டும். 2.6 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குச் சுமார் 3,25,000 பைட். 200 மில்லிசெகண்டுக்கு 65,000 பைட் வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 64 கேபி, அதுவும் எந்த நேரம் பார்த்தாலும் அதே அளவு. நெரிசல் இருந்தால் வேகம் ஏறும், சரியும், மறுபடி ஏறும். இப்படி ஆணி அடித்தாற்போல ஒரே எண்ணில் நிற்பது பஃபர் அளவின் அடையாளம்.

அனுப்பும் லினக்ஸ் சர்வரில் `ss -tin` கட்டளை கொடுத்தபோது, தேவையில்லாததை நீக்கிவிட்டால், வந்தது இது:

```
cubic rtt:200.4/0.6 mss:1448 cwnd:90 unacked:45
busy:60120ms rwnd_limited:59300ms(98.6%)
```

கடைசிப் பகுதி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அனுப்புவதற்கு டேட்டா கையில் இருந்த 60 நொடியில் 59 நொடிக்கு மேல் ரிசீவர் விண்டோவில் இடம் கிடைப்பதற்காகக் காத்திருந்திருக்கிறது. வழியில் இருப்பது 45 பாக்கெட், ஆளுக்கு 1,448 பைட், அதாவது 65,160 பைட். கன்ஜெஷன் விண்டோ 90 பாக்கெட் வரை அனுமதி தருகிறது, அதில் பாதியைத்தான் பயன்படுத்த முடிந்திருக்கிறது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, நானும் சறுக்கினேன். 100 எம்பிபிஎஸ்ஸை 200 மில்லிசெகண்டுக்கு நிரப்ப 25 லட்சம் பைட் வேண்டும், அதாவது 1,700 பாக்கெட்டுக்கு மேல். `cwnd:90` என்று பார்த்ததும் "ஆகா, நெட்வொர்க் கழுத்தைப் பிடிக்கிறது" என்று தோன்றும். ஆனால் தனக்குக் கொடுத்த கன்ஜெஷன் விண்டோவை அனுப்புபவர் முழுதாகப் பயன்படுத்தாதபோது லினக்ஸ் அதை வளர்ப்பதில்லை. சோதித்துப் பார்க்காத அளவுக்கு அனுமதியைச் சேர்த்துவைத்தால், பின்னால் ஒரே மூச்சில் கொட்டி நெரிசலை உண்டாக்கிவிடலாம் என்பதே காரணம். விண்டோ சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும் ஸ்லோ ஸ்டார்ட் என்ற தொடக்கக் கட்டத்தில், வழியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு வரை ஏறி நின்றுவிடும். 45க்கு 90 என்பது அதனால்தான் வந்தது. ஆக, ரிசீவர் விண்டோ சிறியதாக இருந்தால் கன்ஜெஷன் விண்டோவும் சிறியதாகவே தெரியும். அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம், `unacked` எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காரணத்தைத் தேடியபோது, கோப்பை வாங்கும் புரோகிராமில் யாரோ நல்லெண்ணத்தில் எழுதிவைத்த ஒரு வரி கிடைத்தது:

```
int n = 65536;
setsockopt(fd, SOL_SOCKET, SO_RCVBUF, &n, sizeof n);
```

பஃபரைப் பெரிதாக்குகிறோம் என்று நினைத்து எழுதியது. லினக்ஸில் இந்த வரி ஒரு பெரிய வசதியை அணைத்துவிடுகிறது. சும்மா விட்டிருந்தால் கர்னலே தேவையைப் பார்த்து ரிசீவ் பஃபரைத் தானாக வளர்த்திருக்கும். `SO_RCVBUF` வைத்த சாக்கெட்டில் அந்தத் தானியங்கி வளர்ச்சி நின்றுபோகும். நாம் கொடுத்த எண்ணைக் கர்னல் இரட்டிப்பாக்கி 1,31,072 ஆக்கும், அதில் பாதியளவு உள் கணக்குகளுக்குப் போக, மீதி ஏறத்தாழ 64 கேபியைத்தான் விண்டோவாக அறிவிக்கும். அந்த வரியை எடுத்துவிட்டுப் புரோகிராமை மறுபடி தொடங்கியதும் வேகம் 95ஐத் தொட்டது. எடுத்த உடனே இல்லை, ஒன்றரை நொடிக்கு மேல் ஆயிற்று. கன்ஜெஷன் விண்டோ 10 பாக்கெட்டில் தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகிறது. 10, 20, 40 என்று போய் 1,700ஐத் தாண்ட எட்டுச் சுற்று வேண்டும், 200 மில்லிசெகண்ட் வீதம் 1.6 நொடி. இது மட்டும்தான் அந்த நாள் முழுக்க நான் பார்த்த உண்மையான கன்ஜெஷன் கன்ட்ரோல் வேலை.

இதன் மறுபக்கத் தவறும் அதே அளவு சகஜம். சில நாள் கழித்து அதே இணைப்பில் வேகம் 95க்கும் 69க்கும் நடுவே ஆடியது. உடன் வேலை செய்தவர் ரிசீவ் பஃபர் உச்சவரம்பை நான்கு மடங்காக ஏற்றிப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. இந்த முறை `ss` வெளியீட்டில் `rwnd_limited` என்ற சொல்லே இல்லை. அதற்குப் பதிலாக `retrans:0/37` இருந்தது, அதாவது இதுவரை 37 பாக்கெட் மறுபடி அனுப்பப்பட்டிருக்கிறது. பாக்கெட் தொலைந்தால் க்யூபிக் தன் விண்டோவை 0.7 மடங்காகக் குறைக்கும். 1,700 பாக்கெட் 1,190 ஆகும், 200 மில்லிசெகண்ட் சுற்றுக்கு அது ஏறத்தாழ 69 எம்பிபிஎஸ். இரண்டில் சிறியது கன்ஜெஷன் விண்டோவாக இருக்கும்போது ரிசீவர் எவ்வளவு இடம் காலி செய்து வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. பிபிஆரை முயன்று பார்க்க வேண்டிய இடம் இதுதான், நான் முயன்றது தப்பான இடத்தில்.

விண்டோ பூஜ்ஜியமாவதை நெட்வொர்க் பழுது என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. வயர்ஷார்க் `TCP ZeroWindow` என்று கறுப்புப் பின்னணியில் காட்டும்போது பார்ப்பவருக்குப் பகீர் என்றிருக்கும். உண்மையில் ஒரு பைட்கூடத் தொலையவில்லை. வாங்கும் புரோகிராம் சாக்கெட்டிலிருந்து படிக்கவில்லை, டிஸ்க்கில் எழுதுவதில் சிக்கியிருக்கலாம், பஃபர் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். அனுப்புபவர் நிறுத்திவிட்டு அவ்வப்போது ஒரு சிறு சோதனைப் பாக்கெட் விட்டுப் பார்ப்பார், விண்டோ திறந்ததும் தொடர்வார். அந்த நேரத்தில் பிங் வழக்கம்போல இருக்கும். அப்படியிருந்தால் நெட்வொர்க் ஆட்களை எழுப்பாமல், வாங்கும் மெஷினில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்லது.

`ss` கட்டளையை எந்த முனையில் ஓட்டுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். இணைப்புக்கு இரண்டு திசை உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி விண்டோக்கள். டேட்டாவை வாங்கும் மெஷினில் பார்த்தால் `cwnd:10` என்று தெரியும். அது அந்த மெஷின் எதிர்த்திசையில் அனுப்புவதற்கு உரிய எண், ஒப்புகையைத் தவிர அது எதையும் அனுப்பாததால் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

அப்புறம், பாக்கெட் பிடிப்பதை இணைப்பு தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் விண்டோ எண்களை அப்படியே நம்ப முடியாது. ஹெடரில் இருப்பது 16 பிட்தான், அதற்கு மேல் போக ஒரு பெருக்கல் காரணி வேண்டும். 1992இல் தரப்படுத்தப்பட்ட விண்டோ ஸ்கேல் விருப்பம் அது. முதல் இரண்டு சின் பாக்கெட்டுகளில் மட்டும்தான் அது சொல்லப்படும். அவற்றைத் தவறவிட்டால் வயர்ஷார்க் `-1 (unknown)` என்று காட்டிவிட்டு மூல எண்ணையே வைக்கும். ஸ்கேல் 7 என்றால் 128ஆல் பெருக்க வேண்டும். 501 பைட் என்று பார்த்துப் பதறிய விண்டோ உண்மையில் 64,128 பைட்டாக இருக்கும்.