அந்த எட்டு பைட்: வெள்ளவத்தை அலுவலகம் ஒன்றில் ஐபிவி6 போட்ட கதை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அத்தான் கணக்குப் பார்க்கும் அலுவலகம் வைத்திருக்கிறார். மூன்று மேசை, ஒரு பிரின்டர், வாசலில் ஒரு கமரா, அவ்வளவுதான். அவருடைய பெரிய வாடிக்கையாளர் ரொறன்ரோவில் இருக்கிறார். போன வருடம் அந்த ஆள் காசு மிச்சம் பிடிக்க மலிவான சர்வர் ஒன்றுக்கு மாறினார். அதில் ஐபிவி6 முகவரி மட்டும்தான் உண்டு, ஐபிவி4 வேண்டுமென்றால் தனிக் கட்டணம். அத்தானின் லைனில் இருந்ததோ வெறும் ஐபிவி4. "தம்பி, நேற்று வரைக்கும் திறந்த பக்கம் இன்றைக்குத் திறக்குது இல்லை" என்று அத்தான் காலை ஏழு மணிக்கு எடுத்தார். அங்கே தொடங்கியது.

ஐபிவி4 முகவரிகள் தீர்ந்த கதையை இங்கே சொல்லப்போவதில்லை. நம் வட்டாரத்துக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக், 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது என்பது போதும். ரவுட்டருக்குள் நுழையவும் அதன் செட்டிங்கை மாற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில்: எந்த வழி யாருக்கு?

ஐபிவி4-ஐயும் ஐபிவி6-ஐயும் இணைக்கும் மூன்று வழிகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். டூயல் ஸ்டாக் என்றால் ஒரே வலையமைப்பில் இரண்டு முகவரிகளும் சேர்ந்து ஓடுவது. உங்கள் இணைய நிறுவனம் ஐபிவி6 தருகிறது என்றால் ரவுட்டரில் அதை இயக்கிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம். தராவிட்டால் டனல்: ஐபிவி6 பொதியை ஐபிவி4 உறைக்குள் போட்டு, ஐபிவி6 உள்ள ஓர் இடத்துக்கு அனுப்பி, அங்கே உறையைக் கிழிப்பது. மூன்றாவது மொழிபெயர்ப்பு, அதாவது நாட்64. அது ஐபிவி6 மட்டும் உள்ள கருவி பழைய ஐபிவி4 தளத்தைப் பார்ப்பதற்கு. எங்கள் சிக்கல் அதற்கு நேர்மாறு. நானும் முதல் நாள் மாலை முழுவதும் நாட்64 பற்றி வாசித்துவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

ஆக எங்களுக்கு வேண்டியது: அலுவலகத்துக்குள் டூயல் ஸ்டாக், வெளியே போக டனல்.

டனல் போடுவது

ரவுட்டரின் வான் முகவரியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நிறுவனம் உங்களைப் பலரோடு சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறது. அங்கே இந்த வகை டனல் ஓடாது. காரணம், இது புரோட்டோகோல் 41. போர்ட் 41 அல்ல! போர்ட் என்பதே இதில் கிடையாது. முகவரி பகிரும் பெட்டிகளோ போர்ட் எண்ணைப் பார்த்துத்தான் யாருடைய பொதி எது என்று பிரிக்கின்றன. அப்படிப்பட்ட லைன் உள்ளவர்கள், ஐபிவி6 உள்ள சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வயர்கார்ட் போடுங்கள். அது யுடிபி என்பதால் போய்விடும்.

அத்தானின் லைனில் பொது முகவரி இருந்தது. மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, பிபிபிஓஇ இணைப்பை ஓப்பன்வர்ட் என்ற திறந்த மென்பொருள் போட்ட என் பழைய ரவுட்டருக்குக் கொடுத்தேன். (நிறுவனம் தரும் பெட்டியோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. ஓப்பன்வர்ட் ஓடும் பழைய ரவுட்டர் ஒன்றைத் தேடி வாங்குவதுதான் என் ஆலோசனை.) `tunnelbroker.net`-இல் இலவசமாகக் கணக்குத் திறந்து, எதிர்முனைக்குச் சிங்கப்பூரைத் தேர்ந்தேன். லண்டனைத் தேர்ந்தால் சென்னையில் உள்ள சர்வருக்குப் போகும் பொதிகூட லண்டன் பார்த்துவிட்டுத்தான் வரும். டனல் உருவாக்கும்போது உங்கள் ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தளம் ஏற்காது.

`/etc/config/network` கோப்பில் சேர்த்தது இது. முகவரிகள் உதாரணத்துக்கு மட்டும்:

```
config interface 'tun6'
    option proto '6in4'
    option peeraddr '192.0.2.1'
    option ip6addr '2001:db8:1:a::2/64'
    option ip6prefix '2001:db8:2:a::/64'
    option mtu '1480'
```

இதற்கு ஓப்பன்வர்ட்டில் `6in4` என்ற மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். `tunnelid`, `username`, `password` மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தால் பொது முகவரி மாறிவிடும். இவை இருந்தால் ரவுட்டரே புது முகவரியை எதிர்முனைக்கு அறிவித்துவிடும்.

ரவுட்டரை மறுபடி இயக்கியதும் எல்லாக் கணினிக்கும் ஐபிவி6 முகவரி வந்தது. பிங் போனது. அத்தானிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நான் விழுந்த குழி

அடுத்த நாள் மீண்டும் அழைப்பு. "தம்பி, கூகிள் வருது. ஆனா ரொறன்ரோப் பக்கம் சுத்திக்கொண்டே நிக்குது."

போய்ப் பார்த்தேன். பயர்பொக்ஸின் அடியில் "Performing a TLS handshake" என்று ஒரு வரி வந்து அப்படியே உறைந்து நின்றது. பிழைச் செய்தி இல்லை, பக்கமும் இல்லை. பிங் அடித்தால் அதே சர்வர் உடனே பதில் சொல்கிறது.

இந்த அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பொதி போகிறது, பெரிய பொதி தொலைகிறது. இணைப்புத் தொடங்கும் முதல் பொதிகள் சின்னவை, ஆகவே இணைந்துவிடும். அப்புறம் சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போதுதான் முழு அளவுப் பொதிகள் வரும், அங்கே நிற்கும். டூயல் ஸ்டாக்கில் ஐபிவி6 சரியில்லை என்றால் உலாவி கால் விநாடிபோலப் பார்த்துவிட்டு ஐபிவி4-ஐயும் முயன்று பார்க்கும். ஆனால் அது பார்ப்பது இணைப்பு தொடங்குகிறதா என்பதை மட்டுமே. இங்கே தொடங்கிவிட்டதால், எல்லாம் நலம் என்று நினைத்துக் காத்துக்கொண்டிருக்கும்.

கணக்கு இதுதான். ஈதர்நெட்டில் ஒரு பொதி அதிகபட்சம் 1500 பைட். டனல் உறை 20 பைட் எடுக்கும். ஆகவே 1480 என்று நான் வாசித்த குறிப்பு சொன்னது, நானும் போட்டேன். அந்தக் குறிப்பு பிபிபிஓஇ இல்லாத லைனுக்கு எழுதியது. பிபிபிஓஇ தனக்கென்று எட்டு பைட் எடுக்கும். என் லைனில் போகக்கூடியது 1492 மட்டும். 1480-ஓடு 20 சேர்ந்து 1500 ஆகி, 1492 குழாய்க்குள் நுழைய முடியாமல் நின்றது. "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று சொல்லும் செய்தி வழியில் எங்கோ தொலைந்தது.

உங்கள் லைனை நீங்களே அளக்கலாம். லினக்ஸில்:

```
ping -4 -M do -s 1464 1.1.1.1
ping -4 -M do -s 1465 1.1.1.1
```

விண்டோஸில் `ping -4 -f -l 1464 1.1.1.1`. முதலாவது போய் இரண்டாவது போகாவிட்டால், 1464-ஓடு தலைப்பு 28 சேர்த்து 1492. அதில் உறைக்கு 20 போனால் 1472. அதுதான் டனலின் எம்டியு, அதாவது அதில் போகக்கூடிய பொதியின் உச்ச அளவு.

`mtu`-வை 1472 ஆக்கினேன். பிறகு இப்படிச் சோதித்தேன்:

```
ping -6 -M do -s 1424 one.one.one.one
```

1424-ஓடு 48 சேர்ந்தால் சரியாக 1472. பதில் வந்தது. ஆனால் ரொறன்ரோப் பக்கம் மட்டும் இன்னமும் திறக்கவில்லை! ஓர் இரவு முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

பிங்கின் பதில் எப்போதும் கேள்வியின் அளவுதான் இருக்கும். நான் 1472 அனுப்பினால் 1472 திரும்பி வரும், அதற்கு மேல் வராது. ஆனால் சர்வர் தானாக அனுப்பும் பொதிக்கு என் பக்க எண் தெரியாது. சிங்கப்பூர் முனையில் டனல் இன்னும் 1480-இல்தான் இருந்தது. அது 1480 பைட் பொதியைத் தாராளமாக உறையில் போட்டு அனுப்பியது. டனல் தளத்தில் உங்கள் டனலின் `Advanced` பகுதியில் எம்டியு இருக்கிறது. அதையும் 1472 ஆக்குங்கள். இரண்டு முனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

இன்னொரு பிழையும் நானே செய்தது. டனலுக்கென்று ஃபயர்வோலில் தனி மண்டலம் திறந்தேன், அதில் `mtu_fix` போட மறந்தேன். அது இருந்திருந்தால், டிசிபி இணைப்பு தொடங்கும்போதே "ஒரு துண்டில் 1412 பைட்டுக்கு மேல் அனுப்பாதே" என்று ரவுட்டர் இரு பக்கமும் சொல்லியிருக்கும் (1472-இல் தலைப்புகளுக்கு 60 போக மீதி). எதிர்முனையின் தவறும் வெளியே தெரிந்திருக்காது. இரண்டையும் செய்யுங்கள். எண்ணோடு மாரடிக்க விருப்பமில்லாதவர்கள் இரு முனையிலும் 1280 போடலாம். ஐபிவி6-இல் எந்த இணைப்பும் அதற்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. எனக்கு அது வீண் என்று பட்டது.

மொழிபெயர்ப்பு: ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு

அத்தானின் வேலை முடிந்த பிறகு, விருந்தினர் வைஃபையை ஐபிவி6 மட்டும் உள்ளதாக மாற்றிப் பார்த்தேன். ரவுட்டரில் ஜூல் என்ற நாட்64 மென்பொருள்:

```
modprobe jool
jool instance add "default" --netfilter --pool6 64:ff9b::/96
```

டிஎன்எஸ்ஸுக்கு `2001:4860:4860::64`. ஐபிவி6 இல்லாத தளத்தைக் கேட்டால் இந்த டிஎன்எஸ் ஒரு போலி முகவரியைச் செய்து தரும். தளம் 192.0.2.33 என்றால் கிடைப்பது `64:ff9b::c000:221`. 192 என்பது பதினாறின் அடியில் c0, 33 என்பது 21. பழைய முகவரி அப்படியே கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முகவரிக்கு வரும் பொதியை ஜூல் ஐபிவி4 ஆக மாற்றி வெளியே அனுப்பும்.

கைபேசிகள் எதுவும் நடக்காததுபோல ஓடின. அத்தானின் மடிக்கணினியில் கணக்கு மென்பொருள் படுத்துவிட்டது. அதில் சர்வரின் முகவரி 192.168.1.20 என்று எண்ணாகவே தட்டச்சு செய்திருந்தது. பெயர் இல்லையென்றால் டிஎன்எஸ்ஸிடம் யாரும் கேட்பதில்லை, கேட்காவிட்டால் போலி முகவரி கிடைப்பதில்லை. ஆன்ட்ராய்டு இப்படிப்பட்ட எண்களைத் தனக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும், அந்த மடிக்கணினி மாற்றவில்லை. அலுவலகத்துக்கு டூயல் ஸ்டாக்கே போதும் என்று விட்டுவிட்டேன்.

பின்னர் சேர்த்தது: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர், டனல் வந்தும் கணினிகள் வெளியே போகவில்லை, `tun6`-ஐ `lan` மண்டலத்தில் போட்டதும் போகிறது என்று எழுதியிருந்தார். ஐயோ, வேண்டாம் அண்ணா! அப்படிப் போட்டால் உலகம் முழுவதும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக ரவுட்டர் நினைக்கும். ஐபிவி4-இல் நாட் மறைத்து வைத்த கமராவுக்கு இப்போது சொந்தமாகப் பொது முகவரி உண்டு. `wan` மண்டலத்தில் போடுங்கள், அங்கே `mtu_fix` ஏற்கெனவே இருக்கும். போட்ட பிறகு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஐபிவி6 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைபேசியிலிருந்து கமராவின் ஐபிவி6 முகவரியை உலாவியில் சதுர அடைப்புக்குறிக்குள் தட்டிப் பாருங்கள். உள்நுழைவுப் பக்கம் வந்தால் கதவு இன்னும் திறந்துதான் கிடக்கிறது.