உயரமான யு.பி.வி.சி. கழிவுக் குழாய்: மாடிக்கு மாடி விடவேண்டிய இடைவெளியும் கிளாம்ப் போடும் இடமும்

ராமேஸ்வரத்தில் தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி கொண்ட ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். பைப் 15 மீட்டர் உயரத்துக்கு நேராக ஏறுகிறது. ஒவ்வொரு மாடியிலும் மூன்று வாய் கொண்ட ஒரு டீ போட்டு, கக்கூஸ் லைன் சுவரைத் துளைத்து வந்து அதில் சேர்கிறது. விடியற்காலையில் 26 டிகிரியில் இருக்கும் பைப், பிற்பகல் வெயில் நேரே அடிக்கும்போது 56 டிகிரி வரை சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். யு.பி.வி.சி. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. நீளும். 15 மீட்டர், 30 டிகிரி என்று பெருக்கினால் 31 மி.மீ.க்கு மேல் வருகிறது.

எல்லா ஜாயிண்டையும் சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒட்டிவிட்டால் இந்த 31 மி.மீ. எங்கே போகும்? அடியில் பெண்ட் கான்கிரீட்டில் புதைந்திருப்பதால் கீழே போக வழியில்லை, மேலேதான் தள்ளும். முதல் 3 மீட்டரின் தலையில் 6 மி.மீ., அடுத்ததில் 13, பிறகு 19, 25, உச்சியில் 31. டீ மேலே ஏறினாலும் அதில் சேரும் கக்கூஸ் லைன் சுவருக்குள் பூசப்பட்டிருப்பதால் அசையாது. பகலில் நிமிர்ந்து இரவில் இறங்கி, நாள்தோறும் வளைந்து வளைந்து அந்த ஒட்டு விட்டுப்போகும். இப்படிப்பட்ட லைனில் மேல்மாடி முதலில் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான். கொத்தனாரைக் கூப்பிட்டு மேல்மாடி பாத்ரூம் டைல்ஸை உடைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

இதற்கு மாற்று, நீட்சியை மாடிக்கு மாடி பிரித்து அங்கேயே அடக்கிவிடுவது. ஒவ்வொரு 3 மீட்டரும் தன் 6 மி.மீ.யைத் தன் மாடிக்குள்ளேயே தீர்த்துக்கொண்டால் எந்த டீயும் நகராது. ரப்பர் ரிங் உள்ள ரிங்ஃபிட் பைப்பும் டீயும் இதற்குத்தான். ஆனால் ரிங்ஃபிட் வாங்கினால் மட்டும் போதாது. எது அசையலாம், எது அசையக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது கிளாம்ப்தான்.

இந்த லாட்ஜில் ஒரு மாடிக்குரிய அமைப்பு இப்படி இருக்க வேண்டும். பைப்பின் அகன்ற முனையான சாக்கெட் மேலே பார்த்திருக்கும். டீயின் அடிமுனை அந்த சாக்கெட்டுக்குள் முழுதாக, இடைவெளி இல்லாமல் இறங்கி உட்காரும். சாக்கெட்டின் புடைப்பு முடிந்து பைப்பின் உடல் தொடங்கும் கழுத்தில், புடைப்பை ஒட்டினாற்போல், இறுக்கமான கிளாம்ப் ஒன்று. பைப்பின் எடையையும் டீயின் எடையையும் தாங்குவது அதுதான். அதற்கு ஒன்றரை மீட்டர் கீழே ஒரு கைடு கிளாம்ப். அது பைப்பைச் சுவரோடு நேராக வைத்திருக்கும், ஆனால் பிடிக்காது. பைப்பின் கீழ்முனை கீழ்மாடி டீயின் மேல் சாக்கெட்டுக்குள் போகும், இடைவெளி விடவேண்டியது அங்கே மட்டும்தான். ஐந்து மாடி அளவுக்கு இறுக்கமானது ஐந்து, கைடு ஐந்து.

அதிகம் நடக்கும் தவறு, ஒரே பைப்பில் இரண்டு கிளாம்பையும் முறுக்கி இறுக்கிவிடுவது. பைப் கெட்டியாக நிற்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். வெயில் ஏறும்போது இரண்டுக்கும் நடுவே பைப் வில்லாக வளையும், இல்லையென்றால் சுவரிலிருந்து பிளக்கோடு ஸ்குரூவைப் பிடுங்கும். கைடு கிளாம்பை மூடிய பிறகு பைப்பைச் சுற்றி ஒன்றிரண்டு மி.மீ. இடம் இருக்க வேண்டும், கையால் திருகினால் பைப் சுழல வேண்டும். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல், பூச்சு மேடுபள்ளமான சுவரில் கிளாம்பை அப்படியே அடித்தாலும் இதே கதிதான். ஒரு கிளாம்ப் உள்ளே தள்ளியிருந்தால் பைப் அதன் விளிம்பில் உரசி நின்றுவிடும். சுவருக்கும் கிளாம்புக்கும் நடுவே கட்டை வைத்து மட்டம் பிடித்த பிறகே துளை போட வேண்டும்.

நம் கடலோரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் இரும்புப் பட்டை கிளாம்ப் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது. அதனால் தளர்வாக விட்டிருந்த கைடு கிளாம்ப் காலப்போக்கில் தானே இறுகி, பைப்பைப் பிடித்துக்கொள்ளும். யு.பி.வி.சி. கிளாம்பும் 316 தரத்து எஸ்.எஸ். ஸ்குரூவும் போடுங்கள். 304 கடற்கரைக்கு ஏற்றதல்ல.

இனி இடைவெளி. பைப்பை நேர்க்கோணமாக அறுத்து, முனையை அரத்தால் சரிவாக ராவிக்கொள்ளுங்கள். ரிங்கைத் துடைத்து அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து, லூப்ரிகன்ட் தடவிப் பைப்பை அடிவரை செலுத்துங்கள். சாக்கெட் வாயோரம் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு 12 மி.மீ. வெளியே இழுத்து, உடனே மேலே இறுக்கமான கிளாம்பை முறுக்குங்கள். தாமதித்தால் பைப் தன் எடையால் மறுபடி அடியில் போய் உட்கார்ந்துவிடும், விட்ட இடைவெளி இல்லாமல் போகும். பென்சில் கோடு சாக்கெட் வாய்க்கு 12 மி.மீ. மேலே தெரிகிறதா என்று ஒவ்வொரு மாடியிலும் அளந்து பாருங்கள். இந்த 12 மி.மீ. காலைக் குளுமையில் வேலை செய்வதற்கான கணக்கு. நண்பகலில் கொதிக்கும் பைப்பைப் பொருத்தினால் அது ஏற்கெனவே நீண்டிருக்கிறது, 6 மி.மீ. போதும். மொட்டைமாடியில் வெயிலில் கிடந்த பைப்பை நிழலில் ஆறப்போட்டு எடுப்பது இன்னும் நல்லது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், லூப்ரிகன்ட் தடவிய முனையைத் திறந்து வைத்தால் நொடியில் மணல் ஒட்டும். அந்த மணலோடு ஏற்றினால் ரிங்கில் கீறல் விழும், அந்த வழியாகவே கசியும். தடவியதும் செருகிவிட வேண்டும். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், பல வகை ரப்பர் அவற்றில் ஊதிப்போகும். லூப்ரிகன்ட் இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் போதும்.

ரிங் இருந்தும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதன்மேல் சால்வென்ட் சிமெண்ட் பூசுவது ஜாயிண்டையே ஒழித்துக்கட்டும் வேலை. பெயிண்டர் வந்து சாக்கெட் வாயைப் பட்டியோ ஒயிட் சிமெண்டோ வைத்து அடைப்பதும் அப்படியே. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பைப்பின் உடம்பில் வெள்ளை பெயிண்ட் அடிப்பது நல்லது, சூடு குறையும். பைப் தளத்தையோ கைப்பிடிச் சுவரையோ துளைத்துப் போனால், கலவை வைத்து அடைத்த இடமே இறுக்கமான கிளாம்பாகிவிடும். அங்கே 160 மி.மீ. துண்டை உறையாக வைத்து, நடுவே சீலன்ட் அடியுங்கள்.

கட்டி முடித்த லைன் அசைகிறதா என்று பார்க்க, காலை 6 மணிக்குக் கைடு கிளாம்பின் விளிம்பை ஒட்டிப் பைப்பில் மெல்லிய கோடு போட்டு, 3 மணிக்குப் போய்ப் பாருங்கள். கைடு நடுவில் இருப்பதால் கோடு 3 மி.மீ. அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால் சரி. இறங்கவில்லை என்றால் எங்கோ பிடித்திருக்கிறது. மேலே ஏறியிருந்தால் கீழே எங்கோ ஒரு ஜாயிண்ட் பூட்டிக்கொண்டுவிட்டது. அடுத்த மாடிக்கு இறங்கி அங்கும் கோடு போடுங்கள்.

முழுக்க ஒட்டிய பழைய லைனாக இருந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டீக்கும் அடியில் இறுக்கமான கிளாம்ப் போட்ட பிறகு, கீழ் டீக்குச் சற்று மேலே பைப்பை அறுத்து, இரண்டு பக்கமும் ரிங் உள்ள கப்ளரை ஏற்றி, இரண்டு முனைக்கும் நடுவே 12 மி.மீ. விடுங்கள். கப்ளர் நழுவாதபடி அதற்கும் ஒரு கிளாம்ப் வேண்டும். மற்ற கிளாம்ப்களைத் தளர்த்திக் கைடாக்கிவிடலாம்.