தொடக்க முதலில் நழுவிய தொகை லாபத்தில் போய் உட்காரும்

ஒற்றைப்பதிவு முறையில் எழுதிய நோட்டுகளை வைத்து இறுதிக் கணக்கு தயாரிக்கும்போது, இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் சமமாக வந்ததும் பேனாவை மூடி வைத்துவிடுகிறோம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் தொடக்க முதல், அதாவது ஆண்டின் முதல் நாளில் கடையில் உரிமையாளரின் சொந்தப் பணமாக இருந்த தொகை, தவறாக இருந்தாலும் அந்த இரண்டு பக்கமும் சமமாகவே வரும். தவறு லாபத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு மளிகைக் கடையின் கணக்கை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

கடைக்காரரிடம் இருப்பது மூன்று: ஒரு ரொக்க ஏடு, கடனுக்குச் சரக்கு வாங்கியவர்களின் பாக்கி நோட்டு, மண்டிக்காரர்கள் கொடுத்த பில்கள் குத்திய கம்பி. முதல் கணக்கு என்று எதுவும் இல்லை. எனவே 1-4-2023 அன்று கடையில் என்ன இருந்தது, யாருக்கு என்ன தர வேண்டியிருந்தது என்று தேடிப் பிடித்து ஒரு நிலை அறிக்கை எழுத வேண்டும்.

| பொறுப்புகள் | ரூ. | சொத்துகள் | ரூ. |
|---|---|---|---|
| கடனீந்தோர் | 85,000 | கைரொக்கமும் வங்கி இருப்பும் | 50,000 |
| கொடுபட வேண்டிய வாடகை | 5,000 | சரக்கிருப்பு | 1,40,000 |
| தொடக்க முதல் (வித்தியாசம்) | 2,10,000 | கடனாளிகள் | 60,000 |
| | | அறைகலன் | 50,000 |
| மொத்தம் | 3,00,000 | மொத்தம் | 3,00,000 |

இதில் 2,10,000 என்ற எண்ணை யாரும் எந்த நோட்டிலிருந்தும் எடுத்து எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு மிஞ்சியதைப் போட்டிருக்கிறோம். ஒரு சொத்தோ கடனோ விட்டுப்போனால் இந்த எண் தானாக வளைந்து கொடுத்து, மொத்தத்தைச் சமமாக்கிவிடும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

விட்டுப்போன மார்ச் மாத வாடகை

கடை வாடகை மாதம் 5,000. மார்ச் 2023 வாடகையை அவர் ஏப்ரலில்தான் கொடுத்தார், மார்ச் 2024 வாடகையை அந்த மாதத்திலேயே கொடுத்துவிட்டார். எனவே ரொக்க ஏட்டில் அந்த ஆண்டு முழுக்க வாடகையாகப் போனது 13 மாதத்துக்கு 65,000. ஆண்டுக்குரிய செலவு 60,000 மட்டுமே.

நிலை அறிக்கையில் அந்த 5,000 பொறுப்பை மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க முதல் 2,15,000 ஆகிவிடும். பழைய பாக்கி இருந்ததே தெரியாததால் வாடகைச் செலவாக 65,000 எழுதுவோம். முறையாகப் போட்டால் நிகர லாபம் 1,43,000 வர வேண்டும், இப்போது 1,38,000 வரும். தொடக்க முதலில் 5,000 அதிகம், லாபத்தில் 5,000 குறைவு. இரண்டும் இருப்புநிலைக் குறிப்பில் முதல் கணக்கின் கீழ்தான் வருகின்றன, எனவே கழிந்துபோகும். இறுதி முதல் இரண்டு வழியிலும் அதே 2,49,000, அது வரும் விதத்தைக் கடைசியில் பார்ப்போம். இரு பக்கமும் 3,41,000 என்று அழகாகச் சமமாகும். லாபம் மட்டும் பொய்.

காரணம் எளிது. ஆண்டு இறுதியில் உள்ள சொத்துகளும் பொறுப்புகளும் கண்ணெதிரே இருப்பவை, அவற்றை வைத்து இறுதி முதல் நிலைத்துவிடுகிறது. அதை எட்ட தொடக்க முதலும் லாபமும் சேர்ந்துதான் வழி கொடுக்க வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும். பழைய கடனாளி ஒருவரின் 10,000 விட்டுப்போனாலும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். தொடக்க முதல் 10,000 குறையும். அவர் மே மாதம் கொண்டுவந்து கொடுத்த பணம் இந்த ஆண்டின் கடன் விற்பனை மாதிரித் தெரியும். லாபம் 10,000 கூடிவிடும்.

புது ஆண்டின் ரொக்க ஏட்டைப் படிக்காமல் நிலை அறிக்கை எழுதுவது

மேலே சொன்ன தவறுக்கு மருந்து இங்கே இருக்கிறது. பெரும்பாலானோர் கடைக்காரரிடம் "போன மார்ச் கடைசியில் என்னென்ன பாக்கி இருந்தது?" என்று கேட்டு, அவர் நினைவிலிருந்து சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய பாக்கி யாருக்கும் முழுதாக நினைவிருக்காது. நினைவை விட, ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் ரொக்க ஏடு நன்றாகப் பேசும்.

அந்த மூன்று மாதத்துச் செலவுப் பக்கத்தை வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எந்த மாதத்துக்கு உரியது? ஏப்ரல் 4 அன்று "வாடகை 5,000", மறுபடி மே 3 அன்று "வாடகை 5,000" என்று இருந்தால், முதலாவது மார்ச்சுக்கானதா என்று கேளுங்கள். கரண்டு பில்லில் எந்த மாதத்து ரீடிங் என்று அச்சிட்டே இருக்கும். மண்டிக்காரருக்கு ஏப்ரல் 10 அன்று 22,000 கொடுத்திருந்தால், கம்பியில் குத்திய பில்லை எடுத்துத் தேதி பாருங்கள். பில் மார்ச் 26 என்றால் அந்தத் தொகை தொடக்கக் கடனீந்தோரில் இருந்தாக வேண்டும்.

வரவுப் பக்கமும் அப்படித்தான். ஏப்ரலில் வசூலான பாக்கியைப் பாக்கி நோட்டில் எந்தப் பக்கத்தில், எந்தத் தேதிச் சரக்குக்கு அடித்திருக்கிறார் என்று பாருங்கள். பிப்ரவரி சரக்குக்கு அடித்திருந்தால் அவர் தொடக்கக் கடனாளி.

ரொக்க ஏட்டில் "நகைக்கடன் திருப்பியது" மாதிரி ஒரு வரி எங்கும் ஒட்டாமல் நின்றால் அதைச் சும்மா எடுப்புகளில், அதாவது முதலாளி தன் சொந்தத்துக்கு எடுத்தவற்றில், தள்ளிவிடக் கூடாது. அந்தக் கடன் கடைக்குச் சரக்குப் போட வாங்கியதா, வீட்டு விசேஷத்துக்கா என்று கேட்க வேண்டும். கடைக்கு என்றால் 1-4-2023 அன்று அது ஒரு பொறுப்பு. வீட்டுக்கு என்றால் கட்டிய பணம் எடுப்பு, நிலை அறிக்கையில் கடனுக்கு இடமில்லை. அதே மாதிரி வீட்டுப் பத்திரம், மனைவியின் நகை, பிள்ளை ஓட்டும் பைக் எதுவும் கடையின் சொத்துப் பக்கத்துக்கு வராது.

சரக்கை விற்கும் விலையில் எழுதுவது

தொடக்கச் சரக்கிருப்புக்குப் பட்டியல் இல்லாத கடைகளில் முதலாளி ஒரு குத்துமதிப்புத் தொகை சொல்வார். அவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் விற்கும் விலைதான், தினமும் அவர் வாயில் வருவது அதுதானே. சரக்கை அடக்க விலையில் எழுத வேண்டும், சந்தையில் கிடைக்கக்கூடிய விலை அதைவிடக் குறைந்திருந்தால் அந்தக் குறைந்த விலையில்.

நம் கடையில் விற்பனையில் 20 சதவீதம் மொத்த லாபம். அடக்கம் 1,40,000 உள்ள சரக்கின் விற்பனை விலை 1,75,000. அதை அப்படியே எழுதினால் தொடக்க முதல் 35,000 கூடி 2,45,000 ஆகும், ஆண்டு லாபம் 35,000 குறைந்து 1,08,000 ஆகும். இருப்புநிலைக் குறிப்பு வழக்கம்போலச் சமமாகவே நிற்கும்.

ஆனால் இந்தத் தவறு ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும். மொத்த லாபத்தை விற்பனையால் வகுத்துப் பாருங்கள். விற்பனை 14,90,000, மொத்த லாபம் 2,98,000 என்றால் 20 சதவீதம். தொடக்கச் சரக்கு 1,75,000 என்று போட்டால் மொத்த லாபம் 2,63,000 ஆகி விகிதம் 17.7 சதவீதத்துக்கு இறங்கும். பருப்பு, எண்ணெய், சோப்பு ஆகியவற்றை எந்த விலைக்கு வாங்கி எந்த விலைக்கு விற்கிறார் என்று கேட்டு, கூடுதலாக ஓடும் நாலைந்து பொருளை வைத்து ஒரு கணக்குப் போட்டால், 20க்கு அருகில் வர வேண்டியது 17.7 ஆனது ஏன் என்ற கேள்வி எழும்.

வீட்டுக்குப் போன அரிசி

கடைக்காரர் மாதம் சுமார் 2,000 ரூபாய் அடக்கமுள்ள சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். ரொக்கம் கைமாறாததால் எந்த நோட்டிலும் இது இல்லை. ஆண்டுக்கு 24,000. இதைக் கொள்முதலில் கழித்து எடுப்புகளில் சேர்க்க வேண்டும். செய்யாவிட்டால் லாபம் 1,19,000 என்று குறையும், எடுப்பும் 24,000 குறையும், மறுபடி எல்லாம் சமம். வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை கிலோ அரிசி என்று கேட்டுத்தான் இதைப் பிடிக்க முடியும். தயங்காமல் கேட்க வேண்டும்.

சமமாகாமல் நிற்கும்போது

வித்தியாசம் வந்தால் ஒரு வகையில் நல்லது, தவறு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே தொகையை ஓரிடத்தில் எடுத்துக்கொண்டு, அதன் இணையான இடத்தில் விட்டுவிட்டால் பெரும்பாலும் இப்படி ஆகும். வாடகைப் பாக்கி 5,000ஐ நிலை அறிக்கையில் சரியாகக் காட்டிவிட்டு, லாப நட்டக் கணக்கில் மட்டும் ரொக்க ஏட்டின் 65,000ஐ அப்படியே எழுதினால் பொறுப்புப் பக்கம் 3,36,000, சொத்துப் பக்கம் 3,41,000 என்று நிற்கும். வாராக்கடன் 4,000ஐ லாப நட்டக் கணக்கில் எழுதிவிட்டு மொத்தக் கடனாளிகள் கணக்கில் வரவு வைக்க மறந்தாலும் சரியாக அதே 4,000 இடிக்கும். கடன் விற்பனை 5,20,000க்குப் பதில் 5,16,000 என்று வந்திருக்கும். எனவே வித்தியாசத் தொகையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே எண் நிலை அறிக்கையிலோ சரிக்கட்டுதல்களிலோ எங்கே இருக்கிறது என்று தேடினால் பாதி வேலை முடிந்துவிடும்.

இருப்புக்கு மேல் எடுத்து வங்கிக்குத் தர வேண்டியிருக்கும் மேல்வரைப்பற்றைச் சொத்துப் பக்கத்தில் வங்கி இருப்பாக எழுதுவதும் உண்டு. அப்போது தொடக்க முதல் அந்தத் தொகையைப் போல இரு மடங்கு கூடிவிடும், வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேட வேண்டும்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. இறுதி முதல் 2,49,000இல் தொடக்க முதல் 2,10,000ஐக் கழித்தால் 39,000. இதையே லாபம் என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எடுத்த ரொக்கம் 1,10,000, சரக்கு 24,000 இரண்டையும் கூட்டி, ஆண்டின் நடுவில் போட்ட கூடுதல் முதல் 30,000ஐக் கழித்தால்தான் 1,43,000 வரும். லாப நட்டக் கணக்கின் எண்ணோடு இது பொருந்தினால் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை என்று நம்பலாம். விட்டுப்போன வாடகையையும் விற்பனை விலையில் எழுதிய சரக்கையும் இந்தச் சரிபார்ப்பு காட்டாது. அதற்கு அந்த மூன்று மாத ரொக்க ஏட்டுக்கும் கம்பியில் குத்திய பில்களுக்கும்தான் போக வேண்டும்.