நெல் பற்றுச்சீட்டில் பிடிபட்ட 3NF

தரவுத்தள இயல்பாக்கத்தில் வரும் பகுதிச் சார்பும் கடத்துச் சார்பும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருந்தன. கிளிநொச்சியில் நெல் வாங்கும் கடைப் பற்றுச்சீட்டை அட்டவணையாக்கியபோதுதான் தெளிந்தது:

```
(சீட்டுஇல, நெல்வகை, எடை, கிலோவிலை, விவசாயிஇல, பெயர்)
```

ஒரே சீட்டில் நாடும் சம்பாவும் வரும். அதனால் முதன்மைச் சாவி சீட்டுஇல, நெல்வகை இரண்டும் சேர்ந்தது. ஒவ்வொரு நிரலிடமும் 'பாதிச் சாவி போதுமா?' என்று கேட்டேன். எடைக்கு இரண்டும் வேண்டும். விலை வகைக்கு ஒன்றுதான் என்பதால் அதற்கு நெல்வகை போதும். விவசாயிஇல, பெயர் இரண்டுக்கும் சீட்டுஇல போதும். இவை பகுதிச் சார்புகள். பிரித்தால் 2NF.

பலர் இதோடு பேனாவை வைத்துவிடுவார்கள். சீட்டு அட்டவணையில் இப்போது ஒற்றைச் சாவிதான், அங்கே பகுதிச் சார்புக்கு இடமே இல்லை. ஆனால் பெயரைத் தீர்மானிப்பது விவசாயிஇல, அது சாவி அல்ல. இதுதான் கடத்துச் சார்பு. பெயரைத் தனி அட்டவணைக்கு எடுத்து, விவசாயிஇலவை அன்னியச் சாவியாக விட்டுவைத்தால் 3NF:

```
சீட்டு(சீட்டுஇல, விவசாயிஇல)
விவசாயி(விவசாயிஇல, பெயர்)
வகை(நெல்வகை, கிலோவிலை)
கொள்வனவு(சீட்டுஇல, நெல்வகை, எடை)
```