ஹோட்டல் பிடித்து வைக்கும் தொகையும் கடைசி பில்லும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்காகச் சிராங்கூன் ரோடு பக்கம் இரண்டு இரவுக்கு ரூம் போடுகிறீர்கள். ஒரு இரவு 180++ வெள்ளி. செக்-இன் முடிந்ததும் வங்கி ஆப்பில் 631.64 வெள்ளி Pending என்று நிற்கிறது. அந்தப் பணம் இன்னும் ஹோட்டலுக்குப் போகவில்லை. ஹோட்டல் கேட்டதற்கு வங்கி ஒப்புதல் கொடுத்து, அவ்வளவு தொகையை வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

1. தொகையைப் பிரித்துப் பாருங்கள். ++ என்றால் முதலில் 10% சேவைக் கட்டணம், அப்புறம் அந்தக் கூட்டுத்தொகைக்கு 9% ஜிஎஸ்டி. 360 வெள்ளி 396 ஆகி, பிறகு 431.64 ஆகிறது. மீதி 200 வெள்ளி, இரவுக்கு 100 வீதம் வைப்புத்தொகை. இது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. செக்-அவுட்டில் அதே கார்டைக் கொடுங்கள். சலவைக்கு 20++, அதாவது 23.98 சேர்ந்து பில் 455.62 வந்தது என்று வைத்துக்கொள்வோம். முன்பு கிடைத்த அதே ஒப்புதலின் மேல் ஹோட்டல் இந்தத் தொகையை மட்டும் கேட்டு வாங்கும். மீதி 176.02 விடுபட்டுவிடும். பலரும் இந்த 176 எப்போது திரும்ப வரும் என்று கணக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு வரவு வராது. போகாத பணம் எப்படித் திரும்பும்? Pending வரி மறைந்து, 455.62 மட்டும் நிற்கும்.

3. பழைய Pending வரியும் கடைசி பில் வரியும் சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். வேறு கார்டிலோ ரொக்கமாகவோ கட்டினால், முதல் கார்டில் பிடித்தது தானாகப் போகாது. ஹோட்டல் அதை ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் காலாவதி ஆகும்வரை கிடக்கும். சில ஊழியர்கள் பழைய ஒப்புதலை முடிக்காமல் புதிதாக ஒரு விற்பனை போட்டுவிடுவதும் உண்டு. அப்போது 455.62 ஒரு வரியிலும் 631.64 இன்னொரு வரியிலும் தெரியும், 1,087.26 வெள்ளி முடங்கிவிடும். டெபிட் கார்டு என்றால் முடங்குவது உங்கள் சொந்தப் பணம், அன்று போக வேண்டிய ஜைரோ கட்டணம்கூடத் தவறலாம். அதனால்தான் செக்-இன்னுக்குக் கிரெடிட் கார்டே நல்லது என்கிறேன்.

4. முதலில் ஹோட்டலிடம் பேசுங்கள். தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண்கள், ரசீதில் இருக்கும் ஒப்புதல் எண் ஆகியவற்றைச் சொல்லி ரத்து செய்யச் சொல்லுங்கள். ஹோட்டல் எழுதிக் கொடுக்காமல் வங்கி பெரும்பாலும் விடுவிக்காது.

பெட்ரோல் விஷயத்தில், சிங்கப்பூரில் பொதுவாக ஊற்றிய பிறகுதான் பணம் கட்டுகிறோம், ஆகவே இந்தச் சிக்கல் குறைவு. ஜொகூரில் பம்ப்பிலேயே கார்டைச் செருகினால், எவ்வளவு போடுவீர்கள் என்று தெரியாததால் முன்கூட்டியே 200 ரிங்கிட் போலப் பிடித்துவிடும். நீங்கள் 85-க்குப் போட்டிருந்தாலும் முதலில் தெரிவது அந்த 200-தான். கவுண்டருக்குப் போய் இவ்வளவுக்கு என்று சொல்லிக் கட்டினால் இது வராது. ரிங்கிட் மாற்று விகிதம் பிடித்த நாளிலும் கணக்கில் ஏறும் நாளிலும் வேறாக இருக்கலாம் என்பதால், சில காசு வித்தியாசத்துக்காக வங்கிக்குப் போன் போட வேண்டாம்.