காசியிலிருந்து அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் என்ன வாங்கி வரலாம்?

முதல் முறை காசிக்குப் போகிறவர்கள் கடைத்தெருவில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட்டு, ஊருக்கு வந்தபின் யாருக்கு எதைக் கொடுப்பது என்று முழிப்பார்கள். அதனால் கிளம்பும் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

1. பட்டியல் போடுங்கள். வீடு வீடாக அல்ல, ஆள் ஆளாக. பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் காசிக் கயிறு மட்டும் நாற்பத்தெட்டு வேண்டும். உறவினருக்கும் சேர்த்து அறுபது எழுதிக்கொள்ளுங்கள். கறுப்புக் கயிறு கட்டாகவே கிடைக்கும், எடையும் இல்லை. காலபைரவர் கோயிலுக்குப் போகும்போது வாங்கி, சன்னதியில் வைத்து எடுத்துக்கொள்வது நல்லது. வெறும் கயிறாக வாங்குபவர்களைவிட, "பைரவர் கிட்ட வெச்சதா?" என்று கேட்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

2. கங்கைச் செம்பை எல்லோருக்கும் வாங்காதீர்கள். மூடி பற்றவைத்த அந்தச் சின்னச் செம்பு, பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு. பூஜை அறையில் உடைக்காமல் வைத்திருந்து, கடைசிக் காலத்தில் வாயில் ஒரு சொட்டு விடுவதற்கென்றே பலர் அதை வாங்கிக்கொள்வார்கள். எனவே கசியாத செம்பாக இருப்பது முக்கியம். கடையிலேயே ஒவ்வொன்றையும் துடைத்து, காகிதத்தின் மேல் தலைகீழாகக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். ஈரம் தெரிந்தால் வேண்டாம். ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். மூடியைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் அது கசிந்துகொண்டே இருந்த செம்பு, விட்டுவிடுங்கள். வெறும் செம்பாக வாங்கி, படித்துறையில் நீங்களே நிரப்பி, கடையில் கொடுத்துப் பற்றவைத்துக்கொண்டால் இன்னும் திருப்தி.

வரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனி பாலிதீன் பையில் கட்டி, துணிக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். விமானம் என்றால் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில்தான்.

3. புதுக் குடித்தனத்துக்கு அன்னபூரணி. விரல் நீளப் பித்தளைச் சிலை போதும். கிண்ணத்தில் அரிசி போட்டு அதில் நிறுத்தி வைக்கும் வழக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள். கரண்டி ஏந்திய கை உடைசலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும், மெல்லிசான இடம் அதுதான்.

4. வேறு மதத்து வீடுகளுக்கும் குழந்தைகளுக்கும் அரக்குச் சாயம் பூசிய மரப் பொம்மை. காசியிலேயே காலங்காலமாகச் செய்வது, புவிசார் குறியீடும் உண்டு. பிரசாதத்தைக் கையில் திணித்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

5. கொடுப்பது. ஊர் வந்து காசி சமாராதனை செய்கிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள். அது இல்லையென்றால் நேரில் போய்க் கொடுங்கள். அப்புறம், ராமேஸ்வரத்தில் அபிஷேகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கங்கை நீர் இருந்தால், அந்தச் செம்பின் மேல் பெயர் எழுதித் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதைப் பங்கு போடத் தொடங்குங்கள்.